நொன்ஸ்டிக்கா, வார்ப்பிரும்பா, இரும்புத் தாச்சியா? எதில் எதைச் சமைப்பது?



போன கிழமை வகுப்பு வட்ஸ்அப் குழுமத்தில் ஒரு குரல் பதிவு வந்தது. நொன்ஸ்டிக் சட்டியில் சமைத்தால் புற்றுநோய் வரும், இன்றைக்கே தூக்கி எறிந்துவிட்டு இரும்புத் தாச்சி வாங்குங்கள் என்று ஒருவர் அழுத்தமாகச் சொல்கிறார். அதைக் கேட்டுவிட்டு மூன்று தாய்மார் பாடசாலைக்கே வந்து எங்களிடம் கேட்டார்கள். ஒருவருடைய பிரைபேன் நடுவில் கீறல் விழுந்து உரிந்திருக்கிறது. அதில்தான் பிள்ளைக்கு நாளாந்தம் முட்டை பொரித்துக் கொடுத்திருக்கிறார். இரண்டாமவர் குசினி யன்னலோரம் கூட்டில் லவ்பேர்ட்ஸ் வளர்க்கிறார். மூன்றாமவரின் மகனுக்குத் தலசீமியா, மாதா மாதம் இரத்தம் ஏற்றுகிறார்கள். அந்தக் குரல் பதிவு மூவருக்கும் ஒரே மருந்தைச் சொன்னது. ஆனால் மூவருக்கும் சொல்ல வேண்டிய பதில் ஒன்றல்ல.

எங்கள் ஆசிரியர் அறையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவரும் இருக்கிறார், மனைப்பொருளியல் படிப்பிக்கிறவரும் இருக்கிறார். இருந்து பேசி, வீட்டில் செய்து பார்த்ததையும் சேர்த்து இதை எழுதுகிறோம்.

முதலில் நொன்ஸ்டிக். பெரும்பாலான நொன்ஸ்டிக் சட்டிகள் அலுமினியத்தால் ஆனவை. அதன் மேல் பி.டி.எப்.ஈ. என்ற பூச்சு. 1938இல் ரோய் பிளங்கெட் என்பவர் அமெரிக்காவில் குளிரூட்டி வாயு பற்றிய ஆய்வில் இருந்தபோது தற்செயலாகக் கண்ட பொருள் இது. டெஃப்லோன் என்ற வணிகப் பெயரில்தான் நமக்குப் பழக்கம். இது எதனோடும் இலகுவில் சேராது. முட்டை ஒட்டாததற்கும் அதுதான் காரணம், உரிந்த துணுக்கொன்று வயிற்றுக்குள் போனால் செரிக்காமல் அப்படியே வெளியேறுவதற்கும் அதுதான் காரணம். ஆகவே கீறல் விழுந்த சட்டியில் பொரித்த முட்டையைச் சாப்பிட்ட பிள்ளைக்கு விஷம் ஏறிவிட்டது என்று அந்தத் தாய் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் உரிந்த சட்டி தன் வேலையைச் செய்யாது. ஒட்டும், கருகும், உரிந்துகொண்டே போகும். அதை மாற்றத்தான் வேண்டும்.

புற்றுநோய்க் கதை எங்கிருந்து வந்தது? இந்தப் பூச்சைத் தயாரிக்கும்போது முன்பு பி.எப்.ஓ.ஏ. என்ற வேறொரு இரசாயனத்தைப் பயன்படுத்தினார்கள். அதைப் பற்றிய பயம் பொய்யானதல்ல. 2019இல் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையில் அது தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2023இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் வகையில் வைத்தது. ஆனால் பெருமளவு பாதிப்பு அதைச் செய்த தொழிற்சாலைகளிலும் அதன் கழிவு கலந்த தண்ணீரிலும்தான். பூச்சை உயர் வெப்பத்தில் சுட்டு இறுக்கும்போது அந்த இரசாயனம் மிகப் பெரும்பாலும் போய்விடும். முடிந்த சட்டியில் மிஞ்சுவது சொற்பம். இப்போது பெட்டிகளில் 'பி.எப்.ஓ.ஏ. இல்லை' என்று போடுகிறார்கள். அதைப் பார்த்து வாங்குவது நல்லது. ஆனால் அந்த வரியின் பொருள் அந்தத் தயாரிப்பு இரசாயனம் இல்லை என்பது மட்டுமே. பி.டி.எப்.ஈ. பூச்சு இல்லை என்பதோ, எவ்வளவு சூடாக்கினாலும் பிரச்சினையில்லை என்பதோ அல்ல.

உண்மையான ஆபத்து சூட்டில் இருக்கிறது. இந்தப் பூச்சு ஏறத்தாழ 260 பாகை செல்சியஸ் வரை தாங்கும். அதற்கு மேல் மெல்லக் கெடத் தொடங்கும். 350ஐத் தாண்டினால் வேகமாகச் சிதைந்து புகை விடும். அந்தப் புகையை நிறையச் சுவாசித்தவருக்குச் சில மணித்தியாலங்களில் தடிமன் காய்ச்சல் போலக் குளிரும், உடம்பு நோகும், நெஞ்சு இறுகும். பெரும்பாலும் ஓரிரு நாளில் மாறிவிடும். பறவைகளுக்கு அப்படியல்ல. அவற்றின் சுவாசத் தொகுதி காற்றிலுள்ளதை மிக வேகமாக உள்ளெடுக்கும். நமக்கு மணமே தெரியாத அளவு புகையில் கூட்டிலிருக்கும் கிளி விழுந்து செத்துப்போகும். மிருக வைத்தியர்கள் நன்கு அறிந்த விஷயம் இது. ஆகவே லவ்பேர்ட்ஸ் வைத்திருக்கும் வீட்டுக்கு எங்கள் பதில் நேரானது. கூட்டைக் குசினியை விட்டு வேறு அறைக்கு, முடிந்தால் வெளி விறாந்தைக்கு மாற்றுங்கள். அது முடியாதென்றால் அந்தக் குசினியில் நொன்ஸ்டிக் வேண்டாம்.

வீட்டு அடுப்பில் 350 பாகை எப்படி வரும் என்று கேட்கலாம். சட்டி வெறுமையாக இருந்தால் வரும். தரம் பத்து விஞ்ஞானக் கணக்கு இதற்குப் போதும். 700 கிராம் அலுமினியச் சட்டியின் சூட்டை ஒரு பாகை உயர்த்த சுமார் 0.63 கிலோயூல் சக்தி வேண்டும். காஸ் அடுப்பின் பெரிய பர்னர் முழு நெருப்பில் எரியும்போது பக்கவாட்டில் வீணாவது போக, சட்டிக்குள் போய்ச் சேருவது செக்கனுக்கு ஒரு கிலோயூல் அளவு என்று வைப்போம். குசினி 30 பாகை. 260க்குப் போக 230 பாகை ஏற வேண்டும். அதற்கு 145 கிலோயூல், அதாவது இரண்டரை நிமிடம். 350க்குப் போக சுமார் 200 கிலோயூல், மூன்றரை நிமிடத்துக்குக் கிட்ட. சட்டியிலிருந்து வெளியேறும் வெப்பத்தையும் சேர்த்தால் நாலு, ஐந்து நிமிடம் ஆகலாம். ஒரு தொலைபேசி அழைப்பு, அல்லது வாசலில் மீன்காரரோடு விலை பேசும் நேரம் அவ்வளவுதான்.

சட்டிக்குள் உணவு இருந்தால் கதை வேறு. உணவிலுள்ள தண்ணீர் ஆவியாகும் வரை அந்த இடம் 100 பாகையைச் சுற்றியே நிற்கும். எண்ணெய் இருந்தால், பெரும்பாலான எண்ணெய்கள் 200 சொச்சம் பாகையில் புகையத் தொடங்கி எச்சரிக்கை தரும். ஆகவே நொன்ஸ்டிக்குக்கு மூன்று பழக்கம் போதும். எண்ணெயோ உணவோ போட்ட பிறகே அடுப்பைப் பற்ற வையுங்கள். நெருப்பு நடுத்தரத்துக்கு மேல் போகக் கூடாது. கிளறுவதற்கு மர அகப்பை, கழுவுவதற்கு மெத்தென்ற பஞ்சு. சூடான சட்டியைக் குழாய்த் தண்ணீரில் பிடிக்காதீர்கள். அலுமினியம் சட்டென்று சுருங்கி அடி நெளியும், பூச்சும் விட்டுப்போகும். இப்படிப் பாவித்தாலும் நாளாந்தம் சமைக்கும் வீட்டில் ஒரு நொன்ஸ்டிக் சில வருடத்துக்கே வரும். அது கழிக்க வேண்டிய பொருள் என்று தெரிந்தே வாங்க வேண்டும்.

இனி இரும்பு. இதில் இரண்டு வகை உண்டு. உருக்கி அச்சில் ஊற்றிச் செய்வது வார்ப்பிரும்பு. தடித்தது, பாரமானது, மேற்பரப்பு சற்றுச் சொரசொரப்பு. தகட்டை அடித்துக் குழித்துச் செய்வது நம் ஊர் இரும்புத் தாச்சி. மெல்லியது, பாரம் குறைந்தது. கடையில் இரும்பென்று சொல்லிக் கறுப்பு நிற அலுமினியத் தாச்சியைத் தந்துவிடுவதும் உண்டு. ஒரு சிறு காந்தத்தைக் கொண்டு போங்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியம். வார்ப்பிரும்பில் காபன் அதிகம் என்பதால் அது நொறுங்கும் தன்மை கொண்டது. சீமெந்துத் தரையில் விழுந்தாலோ, பழுக்கச் சூடான நேரம் குளிர்ந்த தண்ணீர் பட்டாலோ வெடித்துவிடும். அடித்துச் செய்த தாச்சி விழுந்தால் நெளியும், உடையாது.

சூட்டைப் பொறுத்தவரை இரண்டும் இருவேறு குணம். இரண்டரைக் கிலோ வார்ப்பிரும்புச் சட்டியின் சூட்டை ஒரு பாகை உயர்த்த சுமார் 1.1 கிலோயூல் வேண்டும். ஒரு கிலோ இரும்புத் தாச்சிக்கு 0.45 போதும். அதாவது வார்ப்பிரும்பு சூடாக அதிக நேரம் எடுக்கும், ஆனால் ஏறிய சூட்டை விடாது. குளிர்ந்த மீன் துண்டுகளை அடுக்கினாலும் அதன் சூடு சட்டென்று இறங்காது. அதனால் மீனின் அடி முறுகும், தானாகக் கழன்று வரும். ரொட்டிக்கும் தோசைக்கும் அதனால்தான் தடித்த கல் வேண்டும். அலுமினியத்தைப் போல இரும்பு சூட்டை வேகமாகப் பரப்பாது. ஆகவே வார்ப்பிரும்பைச் சிறு நெருப்பில் ஏழெட்டு நிமிடம் ஆறுதலாகச் சூடாக்க வேண்டும். அவசரப்பட்டு முழு நெருப்பு வைத்தால் நடுவில் கருகி ஓரத்தில் பச்சையாக நிற்கும்.

மெல்லிய தாச்சி இதற்கு நேர் எதிர். நெருப்பைக் கூட்டினால் உடனே சூடாகும், குறைத்தால் உடனே அடங்கும். கீரைச் சுண்டல், தேங்காய்ப்பூ வறுப்பது, மிளகாய் தாளிப்பது போன்ற, செக்கனில் கருகக்கூடிய வேலைக்கு இதுதான் கைக்கு அடங்கும். நோன்பு காலத்தில் சமோசா, கட்லட் பொரிக்கவும் இந்தத் தாச்சியே போதும். ஒரு கிலோ எண்ணெயின் சூட்டை ஒரு பாகை உயர்த்தச் சுமார் இரண்டு கிலோயூல் வேண்டும். சூட்டைப் பிடித்து வைத்திருப்பது அங்கே எண்ணெய்தான், சட்டியல்ல. பொரிப்பதற்காகவே விலை கூடிய வார்ப்பிரும்பு வாங்கத் தேவையில்லை.

இரும்பில் தொழிற்சாலைப் பூச்சு இல்லை. அதன் பூச்சை நாம்தான் செய்கிறோம். மெல்லிய எண்ணெய்ப் படலம் சூட்டில் காற்றோடு சேர்ந்து இறுகி, கறுத்த, கடினமான தோலாக மாறுகிறது. பழக்கிய சட்டி என்று உம்மாமார் சொல்வது இதைத்தான். எங்களில் பலர் தேங்காய் எண்ணெயில் பழக்கிப் பார்த்து, சரிவரவில்லை என்று தாச்சியை மூலையில் போட்டவர்களைக் கண்டிருக்கிறோம். காரணம் தாச்சி அல்ல, எண்ணெய். தேங்காய் எண்ணெய் பெரும்பாலும் நிறைவுற்ற கொழுப்பு, அது அப்படி இறுகாது. சோயா எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் நன்றாக இறுகும்.

புதிய தாச்சியொன்றைப் பழக்கும் முறை இது. கடையில் கறள் பிடிக்காமலிருக்க அதன் மேல் இயந்திர எண்ணெயோ மெழுகோ பூசியிருப்பார்கள். சுடுநீரும் சவர்க்காரமும் போட்டுக் கம்பித் தும்பால் சாம்பல் நிற இரும்பு தெரியும் வரை தேய்க்க வேண்டும். வெள்ளைத் துணியால் துடைத்தால் கறுப்பெண்ணெய் பிடிக்காத வரை விடாதீர்கள். பிறகு சிறு நெருப்பில் வைத்து முற்றாகக் காய வையுங்கள். கை பொறுக்கும் சூட்டில் ஒரு தேக்கரண்டி சோயா எண்ணெயை உள்ளும் புறமும் பூசுங்கள். இப்போது காய்ந்த துணியொன்றால், தெரியாமல் பூசிவிட்டோம் என்பது போல, முழுவதையும் துடைத்தெடுங்கள். மிஞ்சியிருக்கும் அந்த மினுமினுப்புத்தான் வேண்டிய அளவு. யன்னல்களைத் திறந்துவிட்டு நடுத்தர நெருப்பில் வைத்தால் புகை வரும். தாச்சியைச் சாய்த்துத் திருப்பி, ஓரமும் சூடாகும்படி செய்து, புகை அடங்கும் வரை பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். ஆறிய பின் இதையே மூன்று நாலு முறை செய்யுங்கள். சாம்பல் நிறம் மண்ணிறமாகி, பின் கறுக்கும்.

தொட்டால் பிசுபிசுத்தால் எண்ணெய் கூடிவிட்டது அல்லது சூடு போதவில்லை. எண்ணெய் போடாமல் இன்னொரு முறை சூடாக்கினால் பெரும்பாலும் சரியாகும். செதில் செதிலாக உரிந்தால் தடிப்பாகப் பூசியிருக்கிறது. உரிந்த இடத்தைத் தேய்த்துவிட்டு மெல்லிய படலமாக மீண்டும் தொடங்க வேண்டும். முதல் இரண்டு கிழமைக்கு அதில் பொரியல், வறுவல் மட்டும் செய்யுங்கள். முட்டை கடைசியாக வரட்டும்.

பராமரிப்பும் பயமுறுத்தும் வேலையல்ல. சமைத்ததும் உணவை வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். சட்டி இளஞ்சூட்டில் இருக்கும்போதே வெந்நீரும் தும்பும் கொண்டு கழுவுங்கள். கொஞ்சம் சவர்க்காரம் போட்டால் இறுகிய படலம் போகாது. தண்ணீரில் ஊறப்போடுவதுதான் கெடுக்கும். கழுவியதும் அடுப்பில் ஒரு நிமிடம் காய வைத்து, துளி எண்ணெய் தடவி வையுங்கள். கடலோர ஊர்களில் இருக்கும் நாங்கள் இந்தக் கடைசிப் படியை விட முடியாது. உப்புக் காற்றில் ஈரத்தோடு வைத்த தாச்சி விடியும்போது செம்மண்ணிறக் கறளோடு நிற்கும். கறள் கண்டால் எறிய வேண்டாம். தேய்த்து, காய வைத்து, மீண்டும் ஒரு முறை பழக்கினால் போதும்.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டு வரும் வார்ப்பிரும்புச் சட்டிகள் பல ஏற்கெனவே பழக்கப்பட்டே வரும். அங்கே சிலர் பன்றிக் கொழுப்பிலும் பழக்குவார்கள். புதியதென்றால் பெட்டியில் தாவர எண்ணெய் என்று குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒருவர் பாவித்த பழைய சட்டி என்றால் அந்தப் படலம் எதனால் ஆனதென்று சொல்ல முடியாது. அதை முழுவதுமாகத் தேய்த்து வெற்று இரும்பாக்கி நீங்களே புதிதாகப் பழக்க முடியும். அதன் மார்க்கச் சட்டத்தை உங்கள் மௌலவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரும்புக்கும் எல்லை உண்டு. புளி அதன் எதிரி. கொறுக்காய்ப் புளி, பழப்புளி, தக்காளி, தேசிக்காய் போட்டு நேரமெடுத்துக் கொதிக்கும் கறி அந்தப் படலத்தைக் கரைக்கும். கறி கறுக்கும், நாக்கில் இரும்பு ருசி தட்டும். வாழைக்காயும் வாழைப்பூவும் அதில் கறுத்துப்போவது அவற்றின் துவர்ப்பு இரும்போடு சேர்வதால். மீன் ஆணத்துக்கு மண்சட்டிதான் என்று நம் முன்னோர் வைத்திருந்ததில் காரணம் இருக்கிறது.

கரையும் அந்த இரும்பு எங்கே போகிறது? சாப்பாட்டுக்குள். புளிப்பும் ஈரமும் சமைக்கும் நேரமும் கூடக் கூட அதிகமாக இறங்கும். பழக்கம் குறைந்த புதுச் சட்டியில் இன்னும் அதிகம். இரும்புச்சத்துக் குறைந்த பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இது ஓரளவு உதவும். ஆனால் எவ்வளவு சேரும் என்று அளக்க முடியாததால், கிளினிக்கில் தந்த குளிசையை நிறுத்திவிட்டுத் தாச்சியை நம்ப முடியாது.

தலசீமியா உள்ள பிள்ளைக்கு இதே விஷயம் தலைகீழ். ஏற்றும் ஒவ்வொரு பை இரத்தத்தோடும் இரும்பு உடலில் சேர்கிறது. அதை வெளியேற்ற உடலுக்கு இயற்கையான வழியில்லை. அது இருதயத்திலும் ஈரலிலும் படியும். அதை அகற்றத்தான் அந்தப் பிள்ளைகளுக்குத் தனியாக மருந்து கொடுக்கிறார்கள். அந்த வீட்டில் நொன்ஸ்டிக்கை எறிந்துவிட்டு எல்லாக் கறியையும் இரும்பில் சமைப்பது, மருந்து ஒரு பக்கம் எடுப்பதை மறு பக்கம் போடுவது போல. அந்தத் தாயிடம் நாங்கள் சொன்னது, மகனுக்குச் சமைப்பதை எவர்சில்வரிலும் மண்சட்டியிலும் வைத்துக்கொள்ளுங்கள், முட்டைக்கு நல்ல நிலையிலுள்ள நொன்ஸ்டிக்கை நடுத்தர நெருப்பில் பாவியுங்கள், அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடமும் இதைக் கேளுங்கள் என்று. குரல் பதிவில் பேசியவருக்கு அந்த வீட்டைத் தெரியாது.

மற்ற இருவரில், பிரைபேன் உரிந்தவர் காந்தத்தோடு போய் ஒரு கிலோ அளவில் இரும்புத் தாச்சியொன்று வாங்கியிருக்கிறார். அதை இரண்டு முறை பழக்கியாகிவிட்டது, இன்னும் இரண்டு முறை இருக்கிறது. அது வரை முட்டையை அவித்துக் கொடுக்கிறார். லவ்பேர்ட்ஸ் கூடு விறாந்தைக்குப் போய்விட்டது. அவர் நொன்ஸ்டிக்கை எறியவில்லை, எறியச் சொல்லி நாங்களும் சொல்லவில்லை. வெறும் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்குப் போவதை மட்டும் விட்டுவிட்டார்.